வைகாசிச் சுவரும் தைப் பொங்கலும்

என்னிடம் பரிசோதனைக்கு வரும் புகைப்படங்களில் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. சுவர், வரப்பு, மதகு, வேலி, களத்துமேடு, இரண்டு வீடுகளுக்கு நடுவில் நாலடி அகலத்தில் ஓடும் முடுக்கு. திருநெல்வேலிச் சீமையில் வழக்கு என்றால் பாதிக்குப் பாதி இவைதான். படத்தைக் கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: “அண்ணாச்சி, இது ஒட்டுவேலைதானே?” ஆமாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள்.

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன் நான். நெகட்டிவின் மேல் பென்சிலால் தேய்த்து அம்மைத் தழும்பை மறைத்த காலத்திலிருந்து, இறந்துபோன தாத்தாவைப் பேரன் கல்யாணப் படத்தில் கணினியில் சேர்த்து நிறுத்திய காலம்வரை எல்லா ஒட்டுவேலையும் செய்திருக்கிறேன். அதனால்தான் வக்கீல்கள் தேடி வந்தார்கள். ஒட்டத் தெரிந்தவனுக்கு ஒட்டு எங்கே இருக்கும் என்று தெரியும் என்பது அவர்கள் கணக்கு. அது அரைக் கணக்கு. மீதியைப் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். படத்தின் கதையை மாற்றவில்லை.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமம். அண்ணன் பிள்ளைகள் ஒரு வீட்டில், தம்பி பிள்ளைகள் பக்கத்து வீட்டில். இரண்டு வீடுகளும் தெற்குப் பார்த்த வாசல். நடுவே ஒரு முடுக்கு, தெருவிலிருந்து வடக்கே வாய்க்கால் படித்துறைக்குப் போகிறது. அதைத் தம்பி வீட்டார் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, 2025 ஜனவரிக் கடைசியில் அண்ணன் வீட்டார் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பிப்ரவரியில், இருக்கிற நிலை அப்படியே தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் கதவு திறந்தபோது முடுக்கின் வாயில் ஐந்தடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் நின்றது.

விடுமுறையில் உத்தரவை மீறிக் கட்டினார்கள் என்றார் வாதி. சுவர் முன்பே இருந்தது, இருக்கிற நிலை என்று நீதிமன்றம் சொன்னதே அந்தச் சுவரோடு சேர்த்துத்தான் என்றார் பிரதிவாதி. ஆதாரமாக ஒரு புகைப்படம் போட்டார்: 2025 ஜனவரி 14, பொங்கல் நாள், காலை 11.40 மணி என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தது. தெருவில் நின்று வடக்கே பார்த்து எடுத்த படம். குடும்பமே நிற்கிறது. அடுப்புக்கட்டியின் மேல் பானை, பக்கத்தில் பனங்கிழங்கும் மஞ்சள் குலையும், மூங்கில் கழியில் சாத்திக் கட்டிய கரும்பு, செம்மண் தரையில் பெரிய கோலம். பின்னால் இரண்டு வீட்டு முகப்புக்கும் நடுவே, சுவர்.

படம் உண்மையானால் வாதியின் புகார் அங்கேயே முடிந்தது.

முதலில் எனக்கு வந்தது வண்ண அச்சு. அச்சை வைத்துச் செய்யக்கூடியது கொஞ்சம்தான் என்பதால், கோப்பைக் கேட்பதுதான் முறை. பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு போடப்பட்ட வழக்கு என்பதால், பிரிவு 63-ன் படி சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது. பழைய சட்டத்தில் 65பி என்று எல்லோரும் சொல்வார்களே, அதன் இடத்தில் வந்தது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் கோப்பைத் தருகிறவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் அதில் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியோடு பென் டிரைவின் நகல் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அதைச் சரிபார்த்ததுதான்:

```
sha256sum IMG-20250114-WA0007.jpg
```

திரையில் வந்த நீண்ட எழுத்து வரிசை சான்றிதழில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. பிரதிவாதியின் வக்கீல் இதையே பெரிய வெற்றியாகப் பேசினார். ஆனால் இந்த மதிப்பு சொல்வது ஒன்றுதான்: சான்றிதழ் எழுதிய நாளுக்குப் பிறகு கோப்பில் யாரும் கைவைக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று அது சொல்லாது. பொய்ப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவு எண் சரியாகத்தான் இருக்கும்.

கோப்பின் பெயரில் தேதி இருக்கிறதே என்பார்கள். வாட்ஸ்அப் அப்படித்தான் பெயர் வைக்கிறது, உண்மைதான். ஆனால் பெயரை யாரும் அரை நிமிடத்தில் மாற்றலாம். கேமரா தானாக எழுதிவைக்கும் எக்சிஃப் விவரங்களில், அதாவது கருவியின் பெயர், எடுத்த நேரம், இடம் ஆகியவற்றில், ஒன்றும் கோப்பில் இல்லை. இதைக் காட்டி வாதி தரப்பு “அழித்துவிட்டார்கள்” என்றது. அதுவும் தவறு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலே இந்த விவரங்கள் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் மட்டுமே அப்படியே போய்ச் சேரும். இது தெரிந்து அனுப்புகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? எக்சிஃப் இல்லாதது ஒரு குற்றமும் ஆகாது.

மூலப் படம் இருக்கும் போனைக் காட்டச் சொல்லி மனுப் போட்டார்கள். போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று பதில் வந்தது. நான் பார்த்த வழக்குகளில் வாய்க்காலில் விழுந்த போன்களை எல்லாம் எடுத்தால் தூர் வாரிய கணக்கில் சேர்க்கலாம்.

வாதி தரப்பிலும் சும்மா இருக்கவில்லை. வக்கீலின் ஜூனியர் கணினி தெரிந்த பையன். கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்திருக்கிறான். குப்பை குப்பையாக ஓடும் எழுத்துகளுக்கு நடுவே `Photoshop 3.0` என்ற வார்த்தை தெரிந்திருக்கிறது. துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான். “அண்ணாச்சி, மாட்டிக்கொண்டார்கள்.”

இல்லை என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படத்தோடு தலைப்பு, குறிப்பு முதலியவற்றைச் சேர்த்து வைக்கும் ஒரு பெட்டி கோப்புக்குள் உண்டு. அந்தப் பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுத்தான் அது. ஃபோட்டோஷாப்பைச் செய்த நிறுவனம் முதலில் அமைத்த முறை என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஃபேஸ்புக் வழியாக வரும் படங்களில் அந்தப் பெட்டிக்குள் `FBMD` என்று தொடங்கும் வரி இருக்கும். அதை எழுதுவது அந்தச் சேவையின் கணினி. இந்தக் கோப்பிலும் அதே வரிதான். யாரோ ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்து வேலை செய்ததற்கு இது சாட்சி ஆகாது. இதைச் சாட்சிக் கூண்டில் சொல்லியிருந்தால் எதிர் வக்கீல் பத்து நிமிடத்தில் உடைத்திருப்பார். அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் உண்மையும் எடுபட்டிருக்காது.

அவன் இன்னொன்றும் வைத்திருந்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியில் படத்தைப் போட்டு எடுத்த ‘பிழையளவு’ படம். கறுப்புப் பின்னணியில் கோலமும் கரும்புத் தோகையும் பளபளவென்று மின்னின. மின்னுவதெல்லாம் ஒட்டியது என்பது பலரின் நம்பிக்கை. அந்தக் கருவி செய்வது இவ்வளவுதான்: படத்தை ஒரு குறிப்பிட்ட தரத்தில் மறுபடியும் சேமிக்கிறது; பழையதற்கும் புதியதற்கும் எங்கே வித்தியாசம் அதிகமோ அங்கே வெளிச்சமாகக் காட்டுகிறது. ஒட்டிய இடத்தில் வித்தியாசம் அதிகமாக இருக்கலாம். ஆனால் செம்மண்ணில் வெள்ளைக் கோலம் போல, கூர்மையான விளிம்பும் நிறமாற்றமும் இருக்கும் எந்த இடத்திலும் அது அதிகமாகத்தான் இருக்கும். ஒட்டாத கோலமும் மின்னும். சுவரோ, மின்னவே இல்லை.

ஏன் மின்னவில்லை என்பதற்குக் காரணம் ஜேபெக் கோப்பு உருவாகும் விதத்தில் இருக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிட்டு, மீதியை முழு எண்களாக ஒதுக்கிச் சேமிப்பதுதான் ஜேபெக். ஒரு படத்திலிருந்து சுவரை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டிச் சேமித்தால், ஒட்டிய சுவரின் பழைய கட்டமும் புதிய படத்தின் கட்டமும் பெரும்பாலும் பொருந்தி உட்காராது. மற்ற இடமெல்லாம் ஒரே கட்டத்தில் இரண்டு முறை ஒதுக்கப்பட்ட எண்களாக இருக்க, சுவர் மட்டும் வேறு மாதிரி இருக்கும். எண்களின் பரவலை வரைந்து பார்த்தால் அந்த வேறுபாடு தெரியும். நல்ல சோதனை. மூலக் கோப்போ, ஒட்டியவுடன் சேமித்த கோப்போ கையில் இருந்தால் நான் இதைத்தான் முதலில் செய்வேன்.

ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. போன் கேமராவில் நாலாயிரம் புள்ளி அகலத்தில் இருந்தது, சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது நீளவாட்டில் ஆயிரத்து அறுநூறாகிறது. சுருக்கும்போது பழைய கட்டங்கள் கலைந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக ஒரே தரத்தில் புதிதாக ஒதுக்கிச் சேமிக்கும். சுவர், கோலம், கரும்பு, ஆட்கள் எல்லோருக்கும் ஒரே வெள்ளையடிப்பு. கேமராவின் உணர்திரையில் பிறவிக் குறைபோல இருக்கும் நுண்ணிய இரைச்சலின் அமைப்பை வைத்து, படம் எந்தக் கருவியில் எடுத்தது என்று கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. அதற்கு ஒப்பிட அந்தப் போன் வேண்டும். அது வாய்க்காலில்.

ஆக, கோப்புக்குள் தோண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. “ஒட்டு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது” என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பல அறிக்கைகள் அப்படித்தான் முடிகின்றன, அது நேர்மையான முடிவும்கூட. கரும்புத் தோகை சுவரைக் கடக்கும் இடத்தில் அதன் நுனிகள் மொட்டையாகத் தெரிந்தன. ஒட்டுவேலை செய்தவனுக்குத் தெரியும், தோகையையும் தலைமுடியையும் போல வெட்டச் சிரமமானது வேறில்லை. எனக்குச் சந்தேகம் உறுதியானது அங்கேதான். ஆனாலும் அதை அறிக்கையில் எழுதவில்லை. அத்தனை சுருக்கத்துக்குப் பிறகு உண்மையான தோகையும் மொட்டையாகத்தான் தெரியும்.

பிறகு அச்சை எடுத்து வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தேன்.

எத்தனை முறை பகிர்ந்தாலும், சுருக்கினாலும், அச்சடித்தாலும் படத்தில் மாறாத ஒன்று, நிழல் விழுந்த திசை. ஆட்களின் நிழல் அவர்களுக்குப் பின்னால், வீட்டை நோக்கி, சற்று இடப்புறமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. வெயில் தெற்கிலிருந்து, எடுத்தவரின் முதுகுப்புறத்திலிருந்து வருகிறது. தை மாதம் காலை 11.40-க்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருநெல்வேலி சுமார் 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜனவரி 14 அன்று சூரியன் வானநடுக் கோட்டுக்குத் தெற்கே 21 பாகையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். நம் ஊருக்கு அன்று உச்சிவேளை கடிகாரத்தில் 12.28. ஆகவே 11.40-க்குச் சூரியன் தெற்கிலிருந்து 21 பாகை கிழக்கே, 58 பாகை உயரத்தில். ஐந்தரை அடி ஆளின் நிழல் ஏறக்குறைய மூன்றரை அடி நீளத்தில் வடக்கு வடமேற்காக விழ வேண்டும். விழுந்திருந்தது. குடும்பம் பொங்கல் வைத்ததும் உண்மை, நேரமும் உண்மை. பிரமாணப் பத்திரத்தில் அந்த வரை பொய் இல்லை.

இப்போது வீட்டு முகப்பு. ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடின் நிழல் கீழே சுவரில் பளிச்சென்று விழுந்திருக்கிறது. தெற்குப் பார்த்த முகப்பில் முழு வெயில். அதற்கும் பொருத்தம்.

பக்கத்திலேயே, அதே முகப்பு வரிசையில், அதே தெற்கைப் பார்த்து நிற்கும் தகராறுச் சுவர்: அதன் மேல் வெயில் இல்லை. யாரோ அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியிருந்தார்கள், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் நிழலில் நின்ற சுவர் வெளுக்குமே தவிர, வெயில்பட்ட சுவர் ஆகாது. அந்தச் சுவரின் தலையில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய சிமெண்ட் விளிம்பு ஒன்று உண்டு. ஜனவரி 14, 11.40 மணி வெயிலில் அந்த விளிம்பின் நிழல் சுவரின் மேல் மூன்றரை அங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கோடாக இறங்கியிருக்க வேண்டும். சன்ஷேடு காட்டும் அதே விகிதம். அந்தக் கோடு இல்லை. மாறாக, சுவரின் அடியில், தரையில், நம்மை நோக்கி ஓரடி அகலத்துக்கு ஒரு நிழல் பட்டை நேராக ஓடுகிறது.

அதாவது ஆட்களுக்கு வெயில் தெற்கிலிருந்து, சுவருக்கு வெயில் வடக்கிலிருந்து.

வடக்கிலிருந்து வெயில் எப்போது வரும்? இதற்குக் கணினி வேண்டாம், நம் ஊரில் வடக்கு வாசல் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும். வைகாசி, ஆனியில் திண்ணையில் வற்றல் காயவைக்கலாம். மார்கழி, தையில் முடியாது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு ஒரு நண்பகலும், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நண்பகலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிழலே இல்லாமல் போகும். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே. மே 20 வாக்கில் சூரியன் 20 பாகை வடக்கே போய்விடுவதால், உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை ஒரு கணம்கூட அது கிழக்கு மேற்குக் கோட்டைத் தாண்டித் தெற்கே வராது. தெற்கு முகச் சுவருக்கு அன்று முழுக்க நேர் வெயில் கிடையாது. ஜனவரியில் இதற்கு நேர் எதிர். சூரியன் நாள் முழுக்கத் தெற்கேதான், தெற்கு முகச் சுவர் நாள் முழுக்க வெயிலில்தான். மே நண்பகலில் ஐந்தடிச் சுவரின் நிழல் தெற்கே ஓரடி விழும். படத்தில் இருந்ததும் ஓரடி.

கண்ணால் பார்த்துச் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போதாது. நிழல்கள் முரண்படுவதைக் கவனிப்பதில் மனிதக் கண் மிக மோசம். இத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. ஹானி ஃபாரிட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2013-ல் இதற்கு ஒரு வடிவக் கணித முறையை வகுத்துக் கொடுத்தார்கள். ஒரு பொருளின் நுனியையும் அதன் நிழலின் நுனியையும் படத்தில் ஒரு கோட்டால் இணைத்து நீட்ட வேண்டும். விளக்கு ஒன்றுதான் என்றால், படத்தில் உள்ள எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்கு வர வேண்டும். சூரியன் எடுத்தவருக்கு முன்னால் இருந்தால் அந்தப் புள்ளி சூரியனே. முதுகுக்குப் பின்னால் இருந்தால், எடுத்தவரின் தலைநிழல் விழும் இடம். நிழலின் விளிம்பு எப்போதும் கொஞ்சம் மங்கலாக இருப்பதால் ஒற்றைக் கோடு போடாமல், இங்கிருந்து இதுவரை இருக்கலாம் என்று இரண்டு கோடுகளுக்கு இடையே ஒரு ஆப்பு வடிவம் வரைவார்கள். எல்லா ஆப்புகளும் ஓரிடத்திலாவது ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழாவிட்டால் படத்தில் ஒரே வெயில் இல்லை.

பெரிய சார்ட் தாளில் அச்சை நடுவில் ஒட்டி, பென்சிலும் அடிக்கோலுமாக உட்கார்ந்தேன். கணினியில் செய்யலாம்தான். ஆனால் நீதிபதியின் மேசையில் விரித்துக் காட்ட இதுதான் வசதி. பெரியவரின் தலை, பானையின் வாய், கரும்பு கட்டிய கழியின் நுனி, சன்ஷேடின் மூலை. நான்கிலிருந்தும் வரைந்தவை படத்துக்குக் கீழே, தாளின் அடிப்பகுதியில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. சுவரின் இரு மூலைகளிலிருந்தும் வரைந்தவை மேல் நோக்கிப் போய், தாளின் தலைப்பகுதியில் தமக்குள் சந்தித்தன. ஒரு கூட்டம் கீழே, ஒரு கூட்டம் மேலே. எவ்வளவு தாராளமாக ஆப்பை அகலப்படுத்தினாலும் இரண்டும் தொடவில்லை.

அடுத்தது, எதிர் வக்கீல் என்னென்ன கேட்பார் என்று நானே கேட்டுக்கொள்ளும் வேலை. இந்தத் தொழிலில் இதற்குத்தான் அதிக நேரம் ஆகும். சுவருக்கு எதிரே வேப்பமரம் இருந்து அதன் நிழல் விழுந்திருக்கலாமே? மர நிழல் திட்டுத் திட்டாக விழும். சுவரின் அடியில் அதற்கு இணையாக நேர்க்கோட்டில் ஓடாது. சுவர் நனைந்து கறுத்திருக்கலாமே? ஈரம் சுவரைக் கறுக்கும், விளிம்பு நிழலை அழிக்காது. மேகம் வந்திருக்கலாமே? வந்தால் எல்லோர் நிழலும் போயிருக்கும். சுவர் சரியாகக் கிழக்கு மேற்காக இல்லாமல் கோணலாக இருக்கலாமே? இதுதான் நல்ல கேள்வி. போன் திசைகாட்டியை நம்பி இதற்குப் பதில் சொல்லக் கூடாது. பக்கத்தில் இரும்புக் கதவு இருந்தாலே அது திரும்பிவிடும். நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு போனபோது, புலப்படத்தில் குறித்த வடக்கை வைத்துச் சுவரின் கோணத்தை அளந்து குறிக்கும்படி கேட்டுக்கொண்டோம். ஐந்து பாகை கோணல் இருந்தது. ஜனவரியில் சூரியன் உதிக்கும்போதே கிழக்கிலிருந்து 21 பாகை தெற்கே தள்ளித்தான் உதிக்கிறது. ஐந்து பாகைக் கோணல் ஒன்றும் செய்யாது.

கணக்கைவிட நேரில் காட்டுவது மேல் என்று வாதியின் வக்கீல் சொன்னார். அதே வெயிலில் அதே சுவரை ஆணையரே படம் எடுக்கட்டும். ஆனால் அப்போது அக்டோபர். பொங்கல்வரை வாய்தா வாங்க வேண்டுமா என்று யோசித்தார்கள். தேவையில்லை, ஜனவரி 14 அன்று சூரியன் எவ்வளவு தெற்கே இருக்குமோ, நவம்பர் 28 வாக்கிலும் அவ்வளவே தெற்கே இருக்கும். போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. கடிகாரம்தான் மாறும். நவம்பர் கடைசியில் உச்சிவேளை 12.07-க்கே வந்துவிடும் என்பதால் 11.40-க்குப் பதில் 11.19-க்கு எடுக்க வேண்டும். எல்லாம் சரியாகக் குறித்துக் கொடுத்தேன். கார்த்திகை மாதத்தில் மழை என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் குறிக்கவில்லை. ஆணையர் போன அன்று நிழலே விழவில்லை; குடைக்குக் கீழே நின்று டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம்தான் வேலை நடந்தது. சில நாள் தள்ளிப் போனதில் சூரியன் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்திருக்கும், அதனால் பாதகமில்லை. ஆணையர் படத்தில் சுவர் முழு வெயிலில் நின்றது. விளிம்பின் நிழல் சுவரில் இறங்கியிருந்தது. அடியில் தரையில் பட்டை ஏதும் இல்லை. இரண்டு தரப்பு வக்கீல்களும் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

குறுக்கு விசாரணையில் பிரதிவாதியின் வக்கீல் முதலில் என் தகுதியைப் பிடித்தார். அரசு அறிவித்த மின்னணுச் சான்று ஆய்வாளரா நீங்கள்? இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஏ-வின் கீழ் அப்படி அறிவிக்கப்படுவது ஆய்வகங்களும் அரசு அமைப்புகளும்தான். நான் அத்துறையில் பழக்கமுள்ள தனிநபர், என் கருத்தை ஏற்பதும் தள்ளுவதும் நீதிமன்றத்தின் விருப்பம். பிறகு, “நிழலைப் பார்த்துத் தேதி சொல்ல நீங்கள் என்ன சோதிடரா?” என்றார். நான் தேதி சொல்லவில்லையே என்றேன். அறிக்கையில் எங்கும் மே மாதம் என்று எழுதவில்லை. சுவரின் பகுதி, உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும் காலத்தில் எடுத்தது. ஆட்களின் பகுதி, தெற்கே இருக்கும் காலத்தில் எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே படமாக எடுத்தவை அல்ல. ஏப்ரல் நடுவுக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் இடையில் எந்த நண்பகலாகவும் இருக்கலாம், 2024-ஆகவும் இருக்கலாம் என்று நானே சொன்னேன். வாதியின் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. “நம் பக்கம் பேசக் கூப்பிட்டால் அவர்களுக்கு ஒரு வழி திறந்துவிட்டானே இந்தத் தம்பி” என்று வெளியே வந்து முணுமுணுத்தார்.

ஆனால் அந்த வழியில் அவர்கள் போக முடியவில்லை. சுவர் 2024-லேயே இருந்தது என்றால், 2025 பொங்கல் படத்தில் அதை ஏன் ஒட்ட வேண்டியிருந்தது? இதை நான் கேட்கவில்லை, என் வேலையும் அல்ல, நீதிபதி கேட்டார்.

யார் ஒட்டியது என்று என்னிடம் கேட்டபோது தெரியாது என்றேன். படத்திலிருந்து அது தெரியாது. அடுத்த வாய்தாவில், அந்தப் புகைப்படத்தைத் தாங்கள் வலியுறுத்தவில்லை என்று பிரதிவாதி தரப்பு ஒரு மெமோ போட்டது. உத்தரவை மீறியதற்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. முடுக்கு யாருக்குச் சொந்தம் என்ற அசல் வழக்கில் சாட்சி விசாரணை இனிமேல்தான் தொடங்க வேண்டும்; அதில் இரண்டு தரப்பும் போடப்போகும் ஆவணம் 1960-களின் பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் படம் இல்லை.